கமெண்ட்டுக்குப் பதில்: போன் பேட்டரி, ஐந்து கேள்விகள்

பதில் 1

(திரையில், முதல் நொடியிலிருந்தே: "அக்கா, ராத்திரி சார்ஜ்ல போட்டுட்டு தூங்கினா விடிய விடிய கரண்ட் ஏறிக்கிட்டே இருக்குமே, பேட்டரி வெடிச்சிடாதா?")

ஏறிக்கொண்டே இருக்காது. நிறைந்ததும் போனே நிறுத்திவிடும். அந்த வேலையைச் செய்கிற சிப் போனுக்குள் இருக்கிறது, சுவரில் செருகுவதில் இல்லை.

(மேஜையில் திறந்து வைத்த போனின் போர்டைக் காட்டவும்.)

நடப்பது இதுதான். தொடக்கத்தில் வேகமாக ஏறும். 80 தாண்டியதும் மெதுவாகும். கிளம்பும் அவசரத்தில் நிற்கிறவர்களுக்கு இது தெரியும், கடைசி பத்து சதவீதம் மட்டும் உயிரை வாங்கும். பஸ்ஸில் முதலில் ஏறுகிறவர் நேராகப் போய் உட்கார்ந்துவிடுகிறார், கடைசியில் வருகிறவர் காலி சீட்டைத் தேட வேண்டியிருக்கிறது அல்லவா, லித்தியம் அயனிகளின் நிலைமையும் அதுதான். அவசரப்படுத்தினால் பேட்டரி கெடும் என்பதால் போனே கரண்டைக் குறைக்கிறது.

அப்படியானால் இரவு முழுக்கப் போடலாமா? போடலாம். ஆனால் தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள், போர்வைக்குள்ளும் வேண்டாம். நூறு சதவீதத்தில் நிற்கும் பேட்டரி சூடாகவும் இருந்தால் சீக்கிரம் முதுமையடையும். ஐபோனில் பேட்டரி செட்டிங்குக்குள் Optimized Battery Charging என்று ஒன்று உண்டு. 2019-இல் iOS 13-உடன் வந்தது. நீங்கள் எழும் நேரத்தைப் பழகிக்கொண்டு, 80-இல் காத்திருந்து, மீதியைக் கடைசியில் ஏற்றும். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது, பேட்டரி செட்டிங்கில் தேடுங்கள்.

பதில் 2

(திரையில்: "முழுசா 0 ஆனதுக்கு அப்புறம்தான் சார்ஜ் போடணும்னு எங்க அப்பா சொல்றாரு. கரெக்டா?")

அப்பா சொன்னது ஒரு காலத்தில் சரி. பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளைப் பாதியிலேயே திரும்பத் திரும்ப சார்ஜ் செய்தால் அவற்றின் திறன் குறைந்ததுபோல் ஆகும், அதனால் தீர்த்துவிட்டுப் போடச் சொன்னார்கள். 1991-இல் லித்தியம் அயன் பேட்டரி விற்பனைக்கு வந்தது, இன்று உங்கள் கையில் இருப்பது அந்த வகை. இதற்கு அந்தப் பழக்கம் தேவையே இல்லை, அடிக்கடி அடிமட்டம் வரை இறக்கினால் கெடுதல்தான்.

20, 30-இல் இருக்கும்போதே போடுங்கள். ஐந்து நிமிஷம் கிடைத்தால் ஐந்து நிமிஷம் போடுங்கள். "அடிக்கடி போட்டால் சைக்கிள் எண்ணிக்கை ஏறிவிடுமே" என்று நான்கைந்து பேர் கேட்டிருந்தீர்கள். ஏறாது. இன்று 50 சதவீதம், நாளை 50 சதவீதம் செலவானால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சைக்கிள். எத்தனை முறை செருகினீர்கள் என்பதை யாரும் எண்ணுவதில்லை.

அப்பாவிடம் சண்டை போட வேண்டாம். அவர் போனையும் 20-இலேயே செருகிவிடுங்கள், போதும்.

பதில் 3

(திரையில்: "80க்கு மேல போடாதீங்கன்னு போன வீடியோல சொன்னீங்க. அப்போ 5000 எம்ஏஎச்சுக்கு காசு குடுத்துட்டு 4000தான் யூஸ் பண்ணணுமா? நல்லா இருக்கே உங்க நியாயம்")

கோபம் நியாயமானதுதான். கணக்கையும் முழுதாகப் போடுவோம். 20-க்கும் 80-க்கும் நடுவிலேயே வைத்திருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 4000 கூட இல்லை, 3000தான்.

ஆகவே இது எல்லாருக்குமான விதி இல்லை. இரண்டு வருஷத்தில் போனை மாற்றுகிறவரா? நூறு வரை போடுங்கள், நிம்மதியாக இருங்கள். ஒரே போனை நான்கைந்து வருஷம் ஓட்ட நினைக்கிறவரா? வீட்டிலோ ஆபீசிலோ பிளக் பக்கத்திலேயே இருக்கும் நாட்களில் 80-இல் நிறுத்துங்கள். வெளியூர் போகும் நாளில் நூறு போட்டுக்கொண்டு கிளம்புங்கள். நூறைத் தொடுவதால் ஒன்றும் ஆகாது. நூறிலேயே மணிக்கணக்கில், அதுவும் சூட்டில் கிடப்பதுதான் கெடுதல்.

எவ்வளவு நாள் வரும் என்பதற்குத் தயாரிப்பாளர்களே ஒரு கணக்கு தருகிறார்கள். ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழு சைக்கிளுக்குப் பிறகும், ஐபோன் 15 வரிசை 1000 சைக்கிளுக்குப் பிறகும் முதலில் இருந்த கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்கிறது ஆப்பிள். அது சீரான சூழலில் போட்ட கணக்கு. வெயிலில் நிறுத்திய காருக்குள் போனை விட்டுவிட்டுப் போகிறவருக்கு அது பொருந்தாது.

(போனைக் கேமரா பக்கம் திருப்பி, வெயில் படும் ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தவும்.)

என்னைக் கேட்டால் சதவீதத்தைப் பார்த்துப் பதறுவதைவிடச் சூட்டைக் கவனியுங்கள். சார்ஜ் போட்டபடி கேம் ஆடும்போது பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் இரண்டில் ஒன்றை நிறுத்துங்கள். தடிமனான கவர் போட்டிருந்தால் சார்ஜ் ஏறும்வரை கழற்றி வையுங்கள்.

பதில் 4

(திரையில்: "65 வாட் சார்ஜர பழைய 18 வாட் போனுக்கு போட்டா போன் எரிஞ்சிடுமா அக்கா")

எரியாது. எவ்வளவு வேண்டும் என்று போன்தான் கேட்கிறது, சார்ஜர் அதைத்தான் தருகிறது. 65 என்பது அதனால் தர முடிந்த உச்சம். 18-க்கு மேல் வாங்கத் தெரியாத போன் 18-ஐத்தான் வாங்கும். சில சமயம் இரண்டும் ஒத்துப்போகாமல் அதைவிட மெதுவாகக்கூட ஏறும், அதில் ஆபத்து இல்லை. பயப்பட வேண்டியது வாட்டைப் பார்த்து அல்ல. பெயர் தெரியாத, தொட்டாலே சுடுகிற, பின் ஆடுகிற மலிவு சார்ஜரைப் பார்த்து.

பதில் 5

(திரையில்: "ஸ்க்ரீன் ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது, அழுத்தினா உள்ள போகுது. ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்கேன். பெவிகுவிக் போடலாமா?")

(சிரிக்காமல், கேமராவை நேராகப் பார்த்து.)

வேண்டாம். முதலில் அழுத்துவதை நிறுத்துங்கள். ரப்பர் பேண்டை மெதுவாகக் கழற்றுங்கள்.

பசை விட்டுப்போய் ஸ்க்ரீன் தூக்குவதும் உண்டு. ஆனால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பவும் எழும்புகிறது என்றால், பேட்டரி உப்பியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகி, உறையைத் தள்ளுகிறது. உள்ளே நேர்மின் தகட்டையும் எதிர்மின் தகட்டையும் ஒரு மெல்லிய படலம்தான் பிரித்து வைத்திருக்கிறது. நீங்கள் அழுத்தும்போது அது கிழிந்தால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாமா என்று கீழே ஒருவர் கேட்டிருந்தார், அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

போனை அணைத்துவிடுங்கள். சார்ஜில் போடாதீர்கள், போட்டோவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றுகூட வேண்டாம். துணி, காகிதம் இல்லாத இடத்தில், டைல்ஸ் தரையிலோ கல் மேடையிலோ வையுங்கள். பிறகு சர்வீஸுக்குக் கொண்டுபோய், "பேட்டரி உப்பியிருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கொடுங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடாமல் அவர்களிடமே விட்டுவிடுங்கள். பெரும்பாலும் புது பேட்டரி மாற்றினால் போன் பழையபடி வேலை செய்யும், உள்ளே இருக்கும் படங்களும் அப்படியே இருக்கும்.

இன்றைக்கே போங்கள். போய்விட்டு வந்து இதே கமெண்ட்டுக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள்.