ஏப்ரல் 18, சனிக்கிழமை: மண்டபத்துக்கு விளையாட வாருங்கள்

அண்ணன், அக்கா, ஆன்டி, அங்கிள் எல்லாருக்கும் வணக்கம். பி பிளாக் 11-ஆம் மாடி மாலதி எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான செய்திதான். தே தாரிக் ஒன்று கலக்கி வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன ஆண்டு மூன்று நாள் குழாயில் தண்ணீர் வராமல் போனதே, நினைவிருக்கிறதா? லாரி ஒன்பது மணிக்கு வரும் என்றார்கள், வந்தபோது பன்னிரண்டே கால். அதுவரை லாபியில் வாளியும் குடமுமாக நாம் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். ஒன்பதாம் மாடி ஆன்டி யாரோ ஒரு பிள்ளையிடம் சாக்பீஸ் வாங்கித் தரையில் தாயக் கட்டம் போட்டார். கட்டை இல்லாததால் தண்ணீர்ப் போத்தல் மூடிகளைச் சோழி மாதிரி உருட்டினோம். கடைசியில் லாரி வந்து ஹாரன் அடித்தபோது எழுந்து போக யாருக்கும் மனமில்லை, காய் பழமாக இன்னும் நாலு கட்டம்தான் பாக்கி. எட்டு ஆண்டாக ஒரே லிஃப்டில் ஏறி இறங்கியும், ஆட்டம் பாதியில் நின்றால் ஆன்டிக்கு அப்படிக் கோபம் வரும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது!

அந்த மாதிரி ஓர் இரவுக்காக இனியும் தண்ணீர் நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்று நாங்கள் நாலைந்து பேர் பேசி முடிவெடுத்திருக்கிறோம். இனி ஒவ்வொரு மாதமும் மூன்றாவது சனிக்கிழமை, தரைத்தளத்துப் பொது மண்டபத்தில் பலகை விளையாட்டு மாலை. முதல் கூட்டம் ஏப்ரல் 18, மாலை 5 மணியிலிருந்து இரவு 9.30 வரை. சித்திரைப் புத்தாண்டு முடிந்து நாலாவது நாள், எல்லார் வீட்டிலும் பலகாரம் மீந்திருக்கும் என்ற கணக்கும் இதில் உண்டு. அடுத்தது மே 16, அதற்கடுத்தது ஜூன் 20. இப்போதே காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். செந்தூலில் ஏப்ரல் மாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து மணிக்கு இடி இடித்தால் பிள்ளைகள் கீழே பந்தடிக்க முடியாது, வீட்டில் கைப்பேசியோடு சோபாவில் சாய்ந்துவிடும்.

என்னென்ன விளையாட்டு? கேரம் பலகை இரண்டு இருக்கின்றன. ஒன்று என் அப்பாவுடையது, ஒரு மூலையில் வலை கிழிந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தாயத்துக்கு இந்த முறை நிஜக் கட்டையே வருகிறது. தரையில் உட்கார முடியாதவர்களுக்காக மேசையில் விரிக்க ஒரு துணியில் கட்டம் தைத்திருக்கிறேன். அப்புறம் பரமபதம், சதுரங்கம், ஊனோ.

நான் ரொம்ப எதிர்பார்ப்பது பல்லாங்குழியைத்தான். ஆறாம் மாடி மாக்சிக் தம் பாட்டி காலத்துச் சொங்காக் பலகையைக் கொண்டு வருகிறார், நான் எங்கள் பல்லாங்குழியைக் கொண்டு வருகிறேன். இரண்டிலும் பக்கத்துக்கு ஏழு குழி. ஆனால் சொங்காக்கில் இரண்டு ஓரத்திலும் பெரிய குழி ஒன்று உண்டு. சுற்றி வரும்போது நம் பெரிய குழியிலும் ஒரு முத்துப் போட வேண்டும், கையிலிருக்கும் கடைசி முத்து அதில் விழுந்தால் இன்னொரு முறை நாமே ஆடலாம். நம் ஆட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. கை காலியானதும் அடுத்த குழியை அள்ளுவோம், அது வெறுமையாக இருந்தால் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது பசு. போன வாரம் லிஃப்ட் வாசலில் நின்று இதை மாக்சிக்கிடம் சொன்னேன். "துடைப்பது எதற்கு, உள்ளேதான் ஒன்றும் இல்லையே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தெரிந்தவர்கள் 18-ஆம் தேதி வந்து சொல்லுங்கள்.

மூன்றாம் மாடித் தம்பி கட்டான் கொண்டு வருகிறார். மூன்று அல்லது நாலு பேர் ஆடுவது. ஆட்டுக்கு மரம், மரத்துக்குச் செங்கல் என்று பண்டமாற்றுச் செய்து ஊர் கட்ட வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஆகும், அதனால் அதற்கு வருபவர்கள் சரியாக 5 மணிக்கு உட்கார்ந்துவிடுங்கள். கோட்நேம்ஸ் என்ற சொல் விளையாட்டும் அவருடையதுதான். மேசையில் 25 சொல் பரப்பியிருக்கும், தலைவர் ஒரே சொல்லில் குறிப்புக் கொடுப்பார், எது எது என்று அணி கண்டுபிடிக்க வேண்டும். ஆங்கிலச் சீட்டுக்குப் பதிலாக நான் 200 தமிழ்ச் சொற்களை அட்டையில் எழுதி வெட்டி வைத்திருக்கிறேன். மாலை, படி, ஆறு, திங்கள் மாதிரி சொற்கள் கிடக்கும்போது ஆட்டம் சூடு பிடிக்கிறது. வீட்டில் ஒத்திகை பார்த்தபோது "பூ" என்று குறிப்புக் கொடுத்தேன். மாலையைத் தொடாமல் என் வீட்டுக்காரர் ஆற்றைத் தொட்டார். கேட்டால், ஆற்றில் பூ விடுவார்களாம்.

சைடினாவும் ஒரு பெட்டி இருக்கிறது, ஆனால் அதை வெளியே எடுக்க எனக்கு விருப்பமில்லை. தொடங்கினால் முடியாது, அண்ணன் தம்பிக்குள் சண்டை வராமலும் இருக்காது. மாதாமாதம் வீட்டுக் கடன் கட்டுவது போதாதென்று அங்கேயும் நிலம் வாங்க வேண்டுமா? பிள்ளைகள் கெஞ்சினால் பார்க்கலாம்.

காசு வைத்து ஆடுவது கிடையாது. பத்துக் காசு ரம்மிகூட வேண்டாம், சீட்டுக்கட்டைத் தயவுசெய்து வீட்டிலேயே விட்டு வாருங்கள். மண்டபத்தைக் கேட்கப் போனபோது நிர்வாகக் குழு கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

மண்டப வாடகை ஒரு மாலைக்கு 60 வெள்ளி. முன்பணம் 100 வெள்ளியை நான் கட்டிவிட்டேன், மேசை நாற்காலி உடையாமல் இருந்தால் திரும்ப வரும். வீட்டுக்கு 3 வெள்ளி கொடுத்தால் இருபது வீட்டில் வாடகை அடைந்துவிடும். குறைந்தால் மிச்சத்தை நான் போட்டுக்கொள்கிறேன், அதை நினைத்து யாரும் வராமல் இருக்காதீர்கள்.

சாப்பாட்டில் ஒரே விதி: எல்லாம் சைவம். மலாய், சீனக் குடும்பங்களும் வருகின்றன, சைவம் என்றால் யாருக்கும் தயக்கம் இருக்காது. அவர்களுக்காக மலாயிலும் ஆங்கிலத்திலும் லிஃப்டில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறேன். ஈப்போ புந்தோங்கிலிருந்து கச்சாங் பூத்தே இரண்டு கிலோ வருகிறது. ஆனால் முறுக்குத் தின்ற கையோடு தம்பியின் சீட்டுகளைத் தொட்டால் அவர் முகம் போகும் போக்கைப் பார்க்கச் சகிக்காது. தின்பண்டத்துக்குத் தனி மேசை, பக்கத்தில் ஈரத் துணி. குவளையை வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள். மக்ரிப் நேரம் 7.20 வாக்கில் அரை மணி நேரம் எல்லா ஆட்டத்தையும் நிறுத்திவிடுவோம். தொழுபவர்கள் தொழுது வரட்டும், நாமும் வீட்டில் விளக்கேற்றிவிட்டுப் பசியாறி வரலாம். காயை யாரும் நகர்த்தாமல் நான் காவல் இருக்கிறேன்.

ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் கூடவே இருங்கள், காய்களெல்லாம் வாயில் போடும் அளவில்தான் இருக்கும். கேரம் பவுடர் சிந்தினால் டைல்ஸ் வழுக்கும், உடனே சொல்லுங்கள். வெளி விருந்தாளி வருவதாக இருந்தால் கார் எண்ணை வெள்ளிக்கிழமைக்குள் கொடுங்கள், கார்டிடம் எழுதி வைத்துவிடுகிறேன்.

வருபவர்கள் புதன்கிழமைக்குள் இந்தக் குழுவில் வீட்டு எண்ணையும் எத்தனை பேர் என்பதையும் போடுங்கள். ஆடத் தெரியாது என்பவர்கள் நாலரைக்கே வாருங்கள், சொல்லிக் கொடுக்கிறோம். மேசை தூக்க இரண்டு பலசாலிகள் நாலு மணிக்கு வேண்டும். ஒன்பதாம் மாடி ஆன்டி, நீங்கள் கட்டாயம் வர வேண்டும், அன்று பாக்கியிருந்த நாலு கட்டத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

மாலதி
பி-11-4