அண்ணிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணிக்கு,

வியாழக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தேன். உங்கள் எதிரில் வந்து நின்றேன், ஒரு வார்த்தை வரவில்லை. கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். நான் வந்தது உங்களுக்கு நினைவிருக்காது. இருக்க வேண்டியதும் இல்லை. வாயில் வராததை எழுதியாவது பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். இதையும் மூன்று தடவை தொடங்கிக் கிழித்தாயிற்று.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணன் பையை மாட்டிக்கொண்டு எழுந்தார். "அந்த ஃபைலை நாளைக்குக் காலையில் முடிச்சிடலாம், நீயும் கிளம்பு" என்றார். நான் திரையைப் பார்த்தபடியே "சரிண்ணே" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எட்டரைக்குப் போன் வந்தது. யாரையோ பற்றித் தப்பாகச் சொல்கிறார்கள் என்று நினைத்து, "அவர் இப்பதானே கிளம்பினார்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேனாம். எனக்கு அது ஞாபகமே இல்லை, பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். எனக்கே இப்படி என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று உங்களிடம் கேட்க மாட்டேன் அண்ணி. எனக்குத் தெரியாது, ஊகிக்கவும் விரும்பவில்லை. விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும். அலுவலகத்திலும் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்: போன் செய்தால் அதைப் பற்றிக் கேட்கக் கூடாது, எங்கிருந்தாவது படம் வந்தால் யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிட வேண்டும். அதையும் மீறி யாராவது கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை, போனை வைத்துவிடுங்கள். "அந்த வழியாகப் போகாமல் இருந்திருந்தால்", "பத்து நிமிடம் தாமதித்திருந்தால்" என்று ஆரம்பிப்பவர்கள் இருப்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் பேசுவார்கள். ஆனாலும் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அண்ணன் மதியம் சாப்பிட்டு முடித்ததும் செய்தித்தாளை நாலாக மடித்துக் குறுக்கெழுத்துப் போடுவார், உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாட்டிக்கொண்டால் மொத்த ஹாலுக்கும் கேட்கிற மாதிரி, "ஐந்தெழுத்து, நடுவில் 'ம்', யாருக்குத் தெரியும்?" என்பார். ஒன்பது வருடமாக நான் ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை. விடை கிடைத்ததும் பென்சிலால் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டுவார். செவ்வாய்க்கிழமைத் தாள் அப்படியே கிடக்கிறது. நான்கு கட்டம் பாக்கி. அதன் மேல் அவருடைய படிக்கிற கண்ணாடி இருந்தது, ஒரு காது மட்டும் மடித்தபடி. மேஜையை ஒழிக்க வந்தவரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் எப்போது கேட்கிறீர்களோ அப்போது நானே எடுத்து வந்து கொடுக்கிறேன், வேறு யார் கையும் படாது. கண்ணாடியை மட்டும் மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன், தாளைத் தொடவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டு மாட்டிக்கொண்டேன். மேலதிகாரி முன்னால் அண்ணன், "நான்தான் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை" என்றார். அவர் அன்றைக்கு லீவில் இருந்தார் என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். தம்பி பெரியவனானதும் இதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

அப்புறம், காகித வேலைகள். அதைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். அலுவலகத்தில் வர வேண்டியது, நிரப்ப வேண்டிய படிவம் எல்லாவற்றையும் நான் எடுத்து வைக்கிறேன். உங்களுக்குத் தெம்பு வரும்போது கையெழுத்துப் போட்டால் போதும். ஒன்றே ஒன்று மட்டும்: அண்ணனுடைய போன் எண்ணை இப்போதைக்கு நிறுத்திவிட வேண்டாம், வங்கியிலிருந்து வருகிற செய்திகள் அதற்குத்தான் வரும். வேறு எதற்கும் அவசரம் இல்லை. யாராவது ஏதாவது காகிதத்தை நீட்டி உடனே கையெழுத்துக் கேட்டால், எனக்கு ஒரு போன் செய்துவிட்டு அப்புறம் போடுங்கள்.

தைரியமாக இருங்கள் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. அழுகை வந்தால் அழுங்கள், யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். வந்தவர்களை உட்காரவைத்துப் பேசுகிற பொறுப்பை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன். என்னிடம் பேச வேண்டும் என்று இல்லை. தம்பியைக் கொஞ்ச நேரம் வெளியே கூட்டிப் போய் வருகிறேன், அவன் வர மாட்டேன் என்றால் அவனோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடுங்கள், போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். எப்படியும் தூக்கம் வருவதில்லை.

இப்படிக்கு,
அண்ணனின் பக்கத்து சீட்டுத் தம்பி