அம்மன் முன்னால் அடுக்கும் புத்தகத்துக்கு 20 சதவீதம் தள்ளுபடி

மயிலாடுதுறை மாணவ மாணவிகளுக்கு வணக்கம். அக்டோபர் 1, புதன்கிழமை சரஸ்வதி பூஜை, மறுநாள் வியாழன் விஜயதசமி. காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் விடுமுறை வந்துவிடும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறோம்.

செப்டம்பர் 24 முதல் அக்டோபர் 1 மதியம் 12 மணி வரை, பள்ளி அல்லது கல்லூரி அடையாள அட்டை காட்டினால் அகராதி, அட்லஸ், வழிகாட்டி நூல்கள், நீட், டிஎன்பிஎஸ்சி தயாரிப்புப் புத்தகங்கள், கதை, கட்டுரை எல்லாவற்றுக்கும் 20 சதவீதம் தள்ளுபடி. பாடநூல் கழகப் புத்தகங்களுக்கு மட்டும் அச்சிட்ட விலைதான், அதில் எங்களால் குறைக்க முடியாது. 300 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ஒரு மை பேனா இலவசம். நீலமா கறுப்பா என்று சொல்லுங்கள், மை நிரப்பி, தாளில் கிறுக்கிப் பார்த்து, ஒழுகாமல் எழுதுகிறது என்று தெரிந்த பிறகுதான் கையில் தருவோம். பூஜையில் வைக்கிற பேனா மறுநாள் முதல் எழுத்திலேயே திக்கக் கூடாது இல்லையா.

செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்பனர், கிரேயானுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அந்தக் குறைப்பை விலையில் அப்படியே கழித்துவிட்டோம். அது அரசு குறைத்தது, எங்கள் சலுகை இல்லை. நோட்டுக்கு எங்கள் பங்காக, ஒரு டஜன் எடுத்தால் ஒரு நோட்டு கூடுதல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூஜைக்குப் புதுப் புத்தகம்தான் வைக்க வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜூன் மாதத்திலிருந்து பையில் கிடந்து, முனை மடங்கி, அட்டை பிய்ந்து, ஓரத்தில் பென்சில் குறிப்பு நிறைந்த அந்தக் கணக்குப் புத்தகத்தைத்தான் சரஸ்வதி முன்னால் வைக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம். வீட்டில் அடுக்கும்போது கவனித்திருப்பீர்கள், எந்தப் பாடம் பயமோ அதுதான் அடுக்கின் மேலே வந்து உட்காரும்! அதனால் உங்கள் பழைய புத்தகங்களைக் கொண்டு வாருங்கள். ஒருவருக்கு ஐந்து புத்தகம் வரை காசு வாங்காமல் பிரவுன் தாளில் அட்டை போட்டு, லேபிள் ஒட்டித் தருகிறோம். எங்களிடம் வாங்கிய புத்தகமாக இருக்க வேண்டும் என்பதில்லை. சந்தனம் குங்குமத்தை அந்தப் பிரவுன் அட்டையின் மேல் மூலையில் சின்னதாக வையுங்கள். ஈரச் சந்தனம் மெல்லிய அட்டையில் ஊறி உள்ளே முதல் பக்கம் வரை கறை இறங்கிவிடும், போன வருடம் எங்கள் வீட்டு அகராதிக்கே அந்தக் கதி. பொரியும் சுண்டலும் கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும்.

முடித்துவிட்ட வகுப்பின் புத்தகங்கள் வீட்டில் தூங்குகின்றனவா? கிழியாமல் இருந்தால் கொண்டு வந்து கொடுங்கள், அச்சிட்ட விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு எடுத்துக்கொள்கிறோம். அதை வாங்க முடியாத தம்பி தங்கைகளுக்குப் பாதி விலையில் போகும். வாசலில் இருக்கும் மர அலமாரி முழுக்க அப்படி வந்தவைதான்.

புதன்கிழமை மதியம் 12 மணியோடு விற்பனையை நிறுத்திவிடுவோம், ஏனென்றால் கடையிலும் பூஜை. அலமாரிக்கு மாலை போட்ட பிறகு எந்தப் புத்தகத்தையும் எடுக்க மாட்டோம், தயவுசெய்து "ஒரே ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் அண்ணா" என்று கேட்காதீர்கள். மாலை 6 மணிக்குப் பூஜை, எல்லாரும் வரலாம், சுண்டல் உண்டு.

விஜயதசமி அன்று காலை 6 மணிக்கே திறந்துவிடுவோம். பூந்தோட்டம் பக்கத்தில் கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்கு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் போகிற வழியில் வாங்கிக்கொள்ளலாம், முதல் ரயிலைப் பிடிக்கிறவர்கள் முந்தின நாள் காலையிலேயே வாங்கிவிடுவது நல்லது. அன்று முதன்முதலாக அரிசியில் 'அ' எழுதப் போகும் குழந்தைகளுக்கு சிலேட், ஒரு பெட்டி பல்பம், வாய்ப்பாடு மூன்றும் சேர்த்து 60 ரூபாய். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தால் வாய்ப்பாட்டுக்குக் காசு வேண்டாம், 45 கொடுத்தால் போதும்.

அப்புறம், வியாழன் அன்று புத்தகத்தைப் பூஜையிலிருந்து எடுத்ததும் அப்படியே பைக்குள் போட்டுவிடாமல் ஒரு பக்கமாவது படியுங்கள். அந்த அடுக்கின் மேலே இருந்த புத்தகத்திலிருந்தே படித்தால் எங்களுக்கு இன்னும் சந்தோஷம்.

கடை பட்டமங்கலத் தெருவில், மஞ்சள் பலகை, வாசலில் பழைய புத்தக அலமாரி. காலை 9 முதல் இரவு 9 வரை. அட்டை போட வருகிறவர்கள் செவ்வாய்க்குள் வந்துவிடுங்கள், கடைசி நாளில் கூட்டம் தாங்காது.