கையடக்க பிளூடூத் ஸ்பீக்கர்: எக்ஸ்ப்ளோடட் வியூ விளம்பரப் படத்துக்கான பிராம்ப்ட்

ஒரு கையடக்க பிளூடூத் ஸ்பீக்கரின் உள்பாகங்களை வரிசையாகப் பிரித்துக் காட்டும் எக்ஸ்ப்ளோடட் வியூ படம் ஒன்று வேண்டும். தொழில்நுட்ப மாத இதழ் ஒன்றில் முழுப்பக்க விளம்பரமாக வரப்போகிறது. விளம்பரத்தின் தலைப்பு: "ஆறு ஸ்க்ரூ கழற்றினால் போதும், பேட்டரியை நீங்களே மாற்றலாம்." படிப்பவர் இந்த வாக்கியத்தைப் படத்தைப் பார்த்தே நம்ப வேண்டும். அதனால் அழகைவிட உண்மைக்கு முதலிடம். பெட்டிக்குள் இல்லாத ஒரு பாகமும் படத்தில் இருக்கக் கூடாது. பாகங்கள் கையால் கழற்றும் வரிசையிலேயே வர வேண்டும்.

மூன்று புகைப்படங்களை இணைத்திருக்கிறேன். முதல் இரண்டில் ஸ்பீக்கரின் முன்பக்கமும் பின்பக்கமும் இருக்கின்றன. மூன்றாவதில் எல்லாப் பாகங்களும் வெள்ளைத் தாளில் பரப்பி வைக்கப்பட்டிருக்கின்றன. பாகங்களின் வடிவத்துக்கும் நிறத்துக்கும் மூன்றாவது படத்தைப் பின்பற்ற வேண்டும். ஸ்பீக்கரின் நீளம் 190 மி.மீ., உயரம் 76 மி.மீ., ஆழம் 58 மி.மீ. விளிம்புகள் மழுங்கிய செவ்வகப் பெட்டி.

ஸ்பீக்கர் முகம் குப்புறக் கிடப்பதாக வைத்துக்கொண்டு, பாகங்களைச் செங்குத்தான ஒரே நேர்கோட்டில் மேலும் கீழுமாகப் பிரிக்க வேண்டும். வழக்கமான விளம்பரங்களில் முன்பக்க வலைதான் மேலே இருக்கும். இங்கே அப்படி வேண்டாம். பின்மூடி வழியாகத்தான் பேட்டரியை எடுக்கிறோம். அதனால் கண் மேலிருந்து இறங்கும்போது முதலில் ஸ்க்ரூ, அப்புறம் மூடி, அப்புறம் பேட்டரி என்று வர வேண்டும். பார்வைக் கோணம் ஐசோமெட்ரிக்: சற்று மேலிருந்து, ஒரு மூலையை நோக்கி. தொலைவில் உள்ள பாகம் சிறுக்கக் கூடாது, இணைகோடுகள் இணைகோடுகளாகவே இருக்க வேண்டும்.

உச்சியில் ஆறு ஸ்க்ரூக்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பிளஸ் தலை, எம்3 அளவு, 10 மி.மீ. நீளம். ஆறும் தனித்தனியாக எண்ணக்கூடியபடி தெரிய வேண்டும். ஐந்தோ எட்டோ வந்தால் தலைப்பே பொய்யாகிவிடும். ஒவ்வொரு ஸ்க்ரூவிலிருந்தும் மெல்லிய சாம்பல் புள்ளிக்கோடு இறங்கி, மூடியின் துளை வழியாக, கீழே உடற்பெட்டியில் பதிந்திருக்கும் பித்தளை இன்சர்ட்டில் முடிய வேண்டும். அந்த ஆறு பித்தளை வளையங்களும் பளிச்சென்று தெரியட்டும். பலமுறை திறந்து மூடினாலும் பிளாஸ்டிக்கில் மரை தேயாது என்பதற்கு அவைதான் அத்தாட்சி.

அதன் கீழே பின்மூடி: மங்கலான கருப்பு, லேசான சொரசொரப்பு, நான்கு மூலைகளிலும் ரப்பர் கால்கள். பிறகு சிவப்பு சிலிக்கான் கேஸ்கட், உள்ளே வெறுமையான செவ்வக வளையமாக. தண்ணீர் புகாமல் தடுப்பது இதுதான். எங்கும் அறுபடாமல் முழுச் சுற்றாக இருக்க வேண்டும்.

அடுத்தது பேட்டரி. படத்தின் நாயகன் இது. கருப்பு பிளாஸ்டிக் தட்டில் இரண்டு 18650 லித்தியம் அயான் செல்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். சாதாரண பென்டார்ச் செல் போல வரைந்துவிடக் கூடாது. இவை இணை இணைப்பில் உள்ளவை; அதனால் இரண்டின் நேர்முனையும் ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும். ஒன்று இப்படியும் ஒன்று அப்படியுமாகத் திரும்பியிருந்தால் பேட்டரி தெரிந்த வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுவார். முனைகளை இணைக்கும் நிக்கல் பட்டையில் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் தெரியட்டும். செல்களுக்கு வான்நீல உறை, நேர்முனையில் வெள்ளை வளையம். ஒரு நுனியில் சின்ன பாதுகாப்பு போர்டு, மேலே மஞ்சள் டேப். அதிலிருந்து சிவப்பு, கருப்பு என இரண்டு ஒயர்கள் இறங்கி வெள்ளை நிற இரண்டு பின் பிளக்கில் முடிகின்றன. படத்தில் வரும் ஒயர்கள் இவை மட்டுமே. பேட்டரிக்கு மேலும் கீழும் மற்ற இடைவெளிகளைப் போல ஒன்றரை மடங்கு இடம் விட வேண்டும்.

அதன் கீழே சர்க்யூட் போர்டு, கருப்பு நிறம், 92 × 38 மி.மீ., பாகங்கள் பொருத்திய பக்கம் மேல்நோக்கி. இடது ஓரத்தில் யுஎஸ்பி-சி சாக்கெட்; வாய் சுமார் 9 மி.மீ. அகலம், போர்டின் விளிம்புக்கு வெளியே பார்த்தபடி. உடற்பெட்டியின் இடது பக்கத் துளைக்கு நேர் மேலே அது அமைய வேண்டும். வலது மூலையில் உலோக மூடியிட்ட பிளூடூத் மாட்யூல். அதன் விளிம்பில் பாம்பு நெளிவாகப் போகும் செம்புக் கோடுதான் ஆன்டெனா. அதன்மேல் உலோக மூடி வரக் கூடாது, வந்தால் சிக்னலே வெளியேறாது. நடுவில் ஆம்ப்ளிஃபையர் சிப், பக்கத்தில் சதுரமான சாம்பல் நிற இண்டக்டர்கள் இரண்டு, மூன்று கெப்பாசிட்டர்கள், பேட்டரி பிளக் செருகும் வெள்ளை சாக்கெட். சிப்புகளின்மேல் எழுத்தோ எண்ணோ வேண்டாம்.

பிறகு உடற்பெட்டி, மயில்நீல நிறம். பட்டன்களின் சிலிக்கான் பட்டை மட்டும் நேர்கோட்டை விட்டு விலகி, வலப்பக்கம் சற்றுத் தள்ளி நிற்கலாம்.

பெட்டிக்குக் கீழே இரண்டு 45 மி.மீ. டிரைவர்கள், காந்தம் மேல்நோக்கி. இரண்டுக்கும் நடுவே நீளவட்டமான பாஸிவ் ரேடியேட்டர். இதில் தவறு வர வாய்ப்பு அதிகம்: பாஸிவ் ரேடியேட்டருக்குக் காந்தம் கிடையாது, காயில் கிடையாது, டெர்மினல் கிடையாது. ரப்பர் விளிம்பும் நடுவில் எடைக்காக ஒட்டிய எஃகுத் தகடும் மட்டும்தான். பெட்டிக்குள் அழுத்தப்படும் காற்றுதான் அதை அசைக்கிறது. அதை மூன்றாவது டிரைவராக வரைந்துவிடக் கூடாது. அளவும் சரியாக இருக்கட்டும்: ஒரு செல்லின் நீளம் ஒரு டிரைவரின் விட்டத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கடைசியாகக் கருப்புத் துணி, அடியில் துளையிட்ட எஃகு வலை.

குப்புறக் கிடப்பதால் ஸ்பீக்கரின் முகம் தெரியாது. அதனால் இடது கீழ்மூலையில், முழுதாகப் பொருத்திய ஸ்பீக்கர் ஒன்று நிமிர்ந்து நிற்கட்டும், சின்னதாக.

பின்னணி வெளிர் தந்தநிறம், `#F4F1EA`. ஒளி இடது மேல்பக்கத்திலிருந்து மென்மையாக. ஒரு பாகத்தின் நிழல் இன்னொன்றின்மேல் விழ வேண்டாம். பொருள்கள் நிஜமாகத் தெரிய வேண்டும்: ரப்பர் ரப்பராக, எஃகு எஃகாக. ஒளிரும் நீலக்கோடுகள், பொறி, புகை, பறக்கும் துகள்கள், பற்சக்கரம் எதுவும் வேண்டாம். இந்த அலங்காரங்கள் படத்தை விஞ்ஞானக் கற்பனைப் படமாக்கிவிடும், பழுது பார்ப்பவரின் மேசையிலிருந்து அதைத் தூரமாக்கிவிடும்.

படத்துக்குள் எழுத்து, எண், லோகோ எதுவும் கூடாது. பாகங்களின் பெயர்களை லேஅவுட்டில் தமிழில் நாங்களே சேர்க்கிறோம். அதற்காக வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்கும், தலைப்புக்காக மேலே ஐந்தில் ஒரு பங்கும் வெறுமையாக விட வேண்டும். விகிதம் 3:4, நிமிர்ந்த பக்கம்.

முதலில் ஒரே ஒரு படம் போதும். அதைப் பார்த்துத் திருத்தம் சொல்வேன். அப்போது சொன்ன பாகத்தை மட்டும் மாற்ற வேண்டும். கோணம், வரிசை, நிறம், மற்ற பாகங்கள் எல்லாம் முதல் படத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும்.