மொட்டை மாடி நீர்ப்புகாப் பூச்சு: நவம்பர் 23 வாரக் குறிப்பு

குடியிருப்பாளர்களுக்கு வணக்கம்.

பூச்சு வேலை இந்த வாரமும் தொடங்கவில்லை. சென்ற வாரம் எழுதியதிலிருந்து எதுவும் நகரவில்லை. தாமதம் ஒப்பந்ததாரராலோ பணத்தாலோ அல்ல; தளம் இன்னும் ஈரமாக இருக்கிறது.

புதன்கிழமையும் சனிக்கிழமையும் சோதித்துப் பார்த்தோம். ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் வைத்து, நான்கு ஓரங்களையும் நாடா ஒட்டி அடைத்து, மாலையில் விட்டுவிட்டு மறுநாள் காலை எடுத்துப் பார்ப்பதுதான் சோதனை. தண்ணீர்த் தொட்டியின் அருகே இரண்டு முறையும் தாளின் அடியில் நீர்த்துளிகள் கோத்திருந்தன. படிக்கட்டுப் பக்கம் புதனன்று ஈரம், சனியன்று காய்ந்திருந்தது. அதை வைத்து மகிழ வேண்டாம். அன்றிரவே மழை வந்துவிட்டது.

ஈரத்தின் மேல் பூசினால் என்ன ஆகும் என்று சிலர் கேட்டீர்கள். தட்டோட்டுக்கு அடியில் ஊறியிருக்கும் நீர், வெயில் ஏறியதும் ஆவியாகி வெளியேற வழி தேடும். பூச்சு அங்கங்கே கொப்பளித்து உரிந்துவிடும். தார்ப்பாய் கட்டிக்கொண்டு வேலை செய்யலாமே என்றார் இரண்டாம் மாடி நண்பர். தார்ப்பாய் புது மழையைத் தடுக்கும். உள்ளே ஊறியதைக் காய விடாது.

நான்காம் மாடியில் 4சி வீட்டுக் கூரையில் உள்ள கறையைச் சுற்றி நவம்பர் 2 அன்று பென்சிலால் கோடு போட்டு வைத்தோம். நேற்றும் கறை கோட்டைத் தாண்டவில்லை. ஆனால் 4ஏ சமையலறை மூலையில் லேசான ஈரம் தெரிவதாக அந்த வீட்டு அம்மா சொன்னார். நேரில் பார்த்தபோது எனக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அங்கும் கோடு போட்டிருக்கிறோம். அடுத்த வாரம் தெரிந்துவிடும்.

பணம்: மொத்தம் ரூ. 1,86,000. முன்பணம் 40,000 போக மீதி சங்கக் கணக்கில் அப்படியே இருக்கிறது. ஜனவரி 31-க்குள் வேலை தொடங்கினால் விலை ஏறாது என்று ஒப்பந்ததாரர் எழுதித் தந்திருக்கிறார். ஆகவே, வடகிழக்குப் பருவமழை டிசம்பர் முழுவதும் இழுத்தாலும் இப்போதைக்கு நமக்கு நட்டமில்லை. பொங்கல் வரை தளம் காயாவிட்டால்தான் கூட்டம் போட்டு யோசிக்க வேண்டும்.

தொடர்ந்து மூன்று நாள் மழையில்லாமல் இருந்து, இரண்டு இடங்களிலும் தாள் காய்ந்திருந்தால், மறுநாளே ஒப்பந்ததாரரை அழைப்பேன். அவருக்கு இரண்டு நாள் முன்னறிவிப்பு போதும். வேலை ஆறு நாள் பிடிக்கும். அந்த நாள்களில் மாடியில் துணி உலர்த்த முடியாது.

இந்த வாரம் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வடகிழக்கு மூலையில் மழைநீர்க் குழாயின் வாயில் இலைகள் அடைத்து நீர் தேங்கியிருந்ததைக் காவலாளி சனியன்று நீக்கினார். அந்த இலைகள் அருகிலுள்ள பூந்தொட்டிகளிலிருந்து விழுந்தவை. தொட்டி வைத்திருப்பவர்கள் புதன்கிழமைக்குள் அவற்றைப் படிக்கட்டுப் பக்கம் நகர்த்திவிடுங்கள்.

செயலாளர்