வெளிநாட்டு உறவினர் அன்பளிப்புகளின் ஆதாரம் குறித்து வருமான வரி நோட்டீஸுக்குப் பதில்

அனுப்புநர்:
இரா. கற்பகவல்லி, ஆசிரியை, காரைக்குடி

பெறுநர்:
மதிப்பீட்டு அலுவலர், மதிப்பீட்டு அலகு, தேசிய முகமற்ற மதிப்பீட்டு மையம், வருமான வரித் துறை, புது தில்லி

பொருள்: மதிப்பீட்டு ஆண்டு 2023-24. பிரிவு 142(1)இன் கீழ் 18.11.2024 அன்று அனுப்பப்பட்ட நோட்டீஸுக்குப் பதில்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

2022-23 நிதியாண்டில் என் சேமிப்புக் கணக்கில் வெளிநாடுகளிலிருந்து வரவான ரூ.31,31,650க்கு ஆதாரம் கேட்டும், அதைப் பிரிவு 69ஏ-யின் கீழ் விளக்கப்படாத பணமாகக் கருதி 115பிபிஇ-யின்படி ஏன் வரி விதிக்கக் கூடாது என்று கேட்டும் நோட்டீஸ் வந்திருக்கிறது. என் பான் எண்ணும் நோட்டீஸின் அடையாள எண்ணும் நான் பதில் பதிவேற்றும் இணையப் பக்கத்திலேயே உள்ளன. இக்கடிதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் தனிக் கோப்பாக இணைத்திருக்கிறேன்.

இந்தத் தொகையில் ரூ.1,00,000 கத்தாரில் இருக்கும் என் அத்தை மகன் அனுப்பியது. அத்தை மகன் வருமான வரிச் சட்டம் சொல்லும் 'உறவினர்' பட்டியலில் வரமாட்டார். தொகையும் ரூ.50,000க்கு மேல். அதனால் அந்த முழுத் தொகையையும் இதர வருமானமாகக் கணக்கில் காட்டி அப்போதே வரி கட்டிவிட்டேன் (இணைப்பு 1, ரிட்டர்ன் நகல்). மீதி ரூ.30,31,650 மூன்று நெருங்கிய உறவினர் தரப்பிலிருந்து வந்தது. கீழே உள்ள விளக்கம் அந்தத் தொகையைப் பற்றியது.

முதலில் என் உடன்பிறந்த அண்ணன். சிங்கப்பூரில் பொறியாளர். ஒவ்வொரு முறையும் 11,000 சிங்கப்பூர் டாலர் வீதம் மூன்று முறை அனுப்பினார். 14.06.2022 அன்று ரூ.6,16,550, 22.08.2022 அன்று ரூ.6,28,100, 10.10.2022 அன்று ரூ.6,29,200 என மொத்தம் ரூ.18,73,850 என் கணக்கில் வரவானது. அவருடைய இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் தாய், தந்தை பெயர்களே என் பாஸ்போர்ட்டிலும் உள்ளன (இணைப்பு 2).

அவருடைய வங்கி ஸ்டேட்மென்ட்டை ஜனவரி 2022 முதல் வைத்திருக்கிறேன் (இணைப்பு 3). மாதாமாதம் சம்பளம் ஏறுகிறது. வாடகையும் செலவும் போக இருப்பு கூடிக்கொண்டே வருகிறது. 13.06.2022 அன்று 11,000 டாலர் பற்று. அனுப்பும் கட்டணம் அதற்கடுத்த வரியில் தனியாக. மறுநாள் என் பாஸ்புக்கில் வரவு. பணம் அனுப்புவதற்கு முன்பு அவர் கணக்கில் ரொக்கமாகவோ வேறொருவரிடமிருந்தோ பெரிய தொகை எதுவும் விழவில்லை என்பதைத் தாங்கள் வரி வரியாகப் பார்க்கலாம். அவருடைய சம்பளத்தைச் சிங்கப்பூர் வரித் துறையின் 2022, 2023 மதிப்பீட்டு அறிக்கைகள் உறுதி செய்கின்றன (இணைப்பு 4).

அண்ணன் விஷயத்தில் இரண்டு கேள்விகள் எழலாம். ஒன்று, என் வங்கி கொடுத்த அந்நியச் செலாவணி வரவுச் சான்றுகளில் ஜூன் மாதத் தொகைக்கு நோக்கக் குறியீடு P1301 (குடும்பப் பராமரிப்பு) என்றும், மற்ற இரண்டுக்கும் P1302 (தனிப்பட்ட அன்பளிப்பு) என்றும் இருக்கிறது. முதல் முறை அனுப்பும்போது அண்ணன் செயலியில் தேர்ந்தெடுத்த நோக்கம் அது. மூன்று தொகைகளின் பரிமாற்ற எண்களும் அன்பளிப்புப் பத்திரத்தில் எழுதப்பட்டுள்ளன. ஜூன் மாதத் தொகையும் அன்பளிப்பே என்று அதில் அவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது, அந்தப் பத்திரம் பணம் வந்த பிறகு எழுதப்பட்டது. தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தபோது, 26.10.2022 அன்று காரைக்குடியில் நோட்டரி முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் அண்ணன் கையெழுத்திட்டார். ஏற்றுக்கொண்டதாக நானும் கையெழுத்திட்டேன் (இணைப்பு 5). சொத்து மாற்றுச் சட்டத்தின் 123ஆம் பிரிவின்படி அசையும் பொருளைக் கையளித்தாலே தானம் நிறைவேறிவிடும். பணம் என் கணக்கில் சேர்ந்த அன்றே அது நடந்துவிட்டது. நடந்ததை உறுதிப்படுத்தும் பதிவாகத்தான் பத்திரம் பின்னர் எழுதப்பட்டது. நோட்டீஸுக்காகத் தயாரித்த காகிதம் அல்ல அது. முத்திரைத்தாள் விற்ற தேதியும், அண்ணன் பாஸ்போர்ட்டில் உள்ள குடியேற்ற முத்திரையும் அதற்குச் சாட்சி. நோட்டீஸ் வந்ததோ இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு.

அடுத்து என் தாய்மாமா. துபாயில் நீண்ட காலம் வேலை பார்த்து ஆகஸ்ட் 2022இல் ஓய்வு பெற்றார். 20.09.2022 அன்று 32,000 திர்ஹாம், அதாவது ரூ.6,92,800 அனுப்பினார். அதற்கு முன்பே, 14.09.2022 அன்று துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பத்திரத்தை எழுதியிருக்கிறார் (இணைப்பு 6). அவர் பாஸ்போர்ட்டில் உள்ள தந்தை பெயரும் என் தாயாரின் ஆதாரில் உள்ள தந்தை பெயரும் ஒன்றே.

கொடுத்தவர்கள் எல்லோருடைய வருமான வரி ரிட்டர்னும் வேண்டும் என்று நோட்டீஸ் கேட்கிறது. மாமாவைப் பொறுத்தவரை அது இயலாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் தனிநபர் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, ஆகவே ரிட்டர்னும் இல்லை. பதிலாக, அவருடைய நிறுவனம் கொடுத்த பணிக்கொடைத் தீர்வுக் கடிதத்தையும், அந்தத் தொகை வரவான அவருடைய வங்கி ஸ்டேட்மென்ட்டையும் தருகிறேன் (இணைப்பு 7). பணிக்கொடை ஏறியது 02.09.2022. எனக்கு அனுப்பியது அதில் ஒரு பகுதிதான். ரிட்டர்ன் இல்லை என்ற ஒன்றை வைத்து அவருடைய பொருள் வசதியைச் சந்தேகிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது, லண்டனில் இருக்கும் என் நாத்தனாரும் அவருடைய கணவரும். இருவரின் கூட்டுக் கணக்கிலிருந்து 09.11.2022 அன்று 5,000 பவுண்டு (ரூ.4,65,000) வந்தது. கூட்டுக் கணக்கு என்பதால் பத்திரத்திலும் இருவருமே கையெழுத்திட்டுள்ளனர். கணவரின் சகோதரியும் அவருடைய கணவரும் சட்டப்படி உறவினரே. திருமணச் சான்றிதழ், அவர்களின் வங்கி ஸ்டேட்மென்ட், 2022 ஏப்ரலோடு முடிந்த ஆண்டுக்கான பி60 சம்பளச் சான்று ஆகியவை இணைப்பு 8இல்.

இவர்கள் ஏன் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தாயார் என்னோடுதான் இருக்கிறார். இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவரால் படியேற முடியவில்லை. நாங்கள் இருந்த வாடகை வீடு மாடியில். தரைத்தளத்தில் ஒரு வீடு வாங்கிக்கொள் என்று அண்ணனும் மாமாவும் சொல்லித்தான் பணம் வந்தது. 24.11.2022 அன்று பதிவான கிரயப் பத்திரமும், விற்றவருக்கு என் கணக்கிலிருந்தே பணம் போனதைக் காட்டும் ஸ்டேட்மென்ட்டும் இணைப்பு 9இல் உள்ளன. மீதித் தொகைக்கு வீட்டுக் கடன் வாங்கினேன். கொடுத்த யாருக்கும் இதில் ஒரு ரூபாய்கூடத் திரும்பிப் போகவில்லை.

வெளிநாட்டு அன்பளிப்பு வங்கி வழியாக வந்தது என்பது மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் (291 ஐ.டி.ஆர். 278) சொன்னது எனக்குத் தெரியும். அந்த வழக்கில் கொடுத்தவரின் அடையாளமே கேள்விக்கு உள்ளானது. இங்கே கொடுத்தவர்கள் என் குடும்பத்தார்; அவர்கள் யார், பணம் எங்கிருந்து வந்தது, ஏன் கொடுத்தார்கள் என்ற மூன்றுக்கும் காகிதம் இருக்கிறது.

எனவே ரூ.30,31,650ஐப் பிரிவு 56(2)(எக்ஸ்)-இன் விதிவிலக்கின்படி உறவினர் அன்பளிப்பாக ஏற்று, 69ஏ-யின் கீழ் சேர்க்கும் யோசனையைக் கைவிடுமாறு வேண்டுகிறேன். கொடுத்தவர்கள் தங்களுக்கு நேரடியாக மின்னஞ்சலில் உறுதி செய்யத் தயாராக உள்ளனர். இதற்கு மேலும் ஐயம் இருந்தால், உத்தரவு போடும் முன் பிரிவு 144பி-யின்படி காணொலி விசாரணைக்கு வாய்ப்புத் தரக் கோருகிறேன்.

மேலே சொன்னவை என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை என்று உறுதி கூறுகிறேன்.

இப்படிக்கு,
இரா. கற்பகவல்லி
காரைக்குடி, 02.12.2024