போர்வெல் ரிக் கூட்டுத் தகராறு: நடுவரிடம் போகுமுன் இருவரும் கையெழுத்திட வேண்டிய ஒரு பத்தி

திருச்செங்கோடு
2023 ஜூலை 16

மச்சான், மாப்பிள்ளை இருவருக்கும் வணக்கம்.

இரண்டு பேருக்கும் ஒரே கடிதத்தின் இரண்டு பிரதிகளைத்தான் அனுப்புகிறேன். ஒருவருக்கு ஒன்று சொல்லி இன்னொருவருக்கு வேறொன்று சொன்னேன் என்ற பேச்சு பிறகு வரக்கூடாது.

போன மாதம் நீங்கள் தனித்தனியாக வந்து என் வீட்டுத் திண்ணையில் பேசியது போக, இப்போது என் கையில் இருப்பவை இவை: ஊரில் இருக்கும் மச்சான் எழுதிய 11 பக்கக் கடிதம், வண்டியோடு இருக்கும் மாப்பிள்ளை அனுப்பிய 43 குரல் பதிவுகள், போர் போட்ட அடிக் கணக்கை மேனேஜர் எழுதிய நான்கு நோட்டுகள், வங்கிக் கணக்குப் பிரதி, 2014-ல் எழுதிய கூட்டு ஒப்பந்தம். குரல் பதிவுகளில் ஏழெட்டு ஓடுகிற கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்று பேசியவை. மூன்று தடவை கேட்டுத்தான் புரிந்தது. எல்லாவற்றையும் படித்தேன், கேட்டேன். நடுவராக உட்காரச் சம்மதித்திருக்கும் வக்கீல் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "தகராறு என்ன என்று ஒரே பத்தியில், இரண்டு பேரும் ஒத்துக்கொள்கிற மாதிரி எழுதிக் கொண்டு வாருங்கள். யார் சரி என்று எழுத வேண்டாம்." அந்தப் பத்தி கீழே. பெயர் போட்டால் யார் பெயர் முதலில் என்று அதற்கே ஒரு பஞ்சாயத்து கிளம்பும். அதனால் ஊர்க் கூட்டாளி, வண்டிக் கூட்டாளி என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

தகராறின் விவரம்:

2014 ஜூன் மாத ஒப்பந்தத்தின்படி இரு கூட்டாளிகளும் சரிபாதிப் பங்கில் போர்வெல் தொழில் நடத்திவந்தார்கள் என்பதிலும், கூட்டுக்கு இரண்டு ரிக் வண்டிகள் உண்டு என்பதிலும், ஊர்க் கூட்டாளி திருச்செங்கோட்டில் கணக்கையும் வங்கித் தவணையையும், வண்டிக் கூட்டாளி மத்தியப் பிரதேசத்தில் வேலையையும் வசூலையும் பார்த்துவந்தார்கள் என்பதிலும் தகராறு இல்லை. 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை ஊர்க் கூட்டாளி மாதம் 25,000 ரூபாய் வீதம் எடுத்த 12,00,000 ரூபாய்க்கு இருவரின் சம்மதம் இருந்ததா, இல்லையென்றால் அது அவருடைய லாபப் பங்கில் கழிக்கப்பட வேண்டுமா, அதே காலத்தில் வெளிமாநிலத்தில் வண்டியோடு இருந்ததற்காக வண்டிக் கூட்டாளிக்கும் ஏதேனும் தொகை சேருமா என்பது முதல் கேள்வி. 2020 செப்டம்பர் முதல் 2021 மார்ச் வரை இரண்டாம் வண்டியின் தவணைக்காக ஊர்க் கூட்டாளி தன் கையிலிருந்து கட்டிய 9,50,000 ரூபாய் கூட்டுக்குக் கொடுத்த கடனா, மூலதனத்தோடு சேர்ந்ததா, கடன் என்றால் வட்டி எவ்வளவு என்பது இரண்டாவது. 2021 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை இரண்டாம் வண்டி ஓட்டியது 1,38,400 அடி என்றும் அடிக்குச் சராசரி 88 ரூபாய் என்றும் இருவரும் ஒப்புகிறார்கள். அந்தக் கணக்கில் வரும் 1,21,79,200 ரூபாயில் 58,40,000 ரூபாய் வங்கியில் கட்டப்பட்டிருக்கிறது, 44,90,000 ரூபாய்க்குச் செலவுச் சீட்டு இருக்கிறது. மீதி 18,49,200 ரூபாயில் எவ்வளவு சீட்டில்லாத செலவு, எவ்வளவு வசூலாகாத பாக்கி, எவ்வளவு வண்டிக் கூட்டாளி கூட்டுக்குத் தரவேண்டியது என்பது மூன்றாவது. 2022 நவம்பரில் வண்டிக் கூட்டாளியின் மனைவி பெயரில் வாங்கப்பட்டு அதே பகுதியில் ஓடும் வண்டி கூட்டுக்குப் போட்டியான தொழிலா, அதற்குக் கூட்டின் ஹாமர், பிட், ராடுகளோ ஏஜென்ட்டுகளோ பயன்பட்டார்களா, அதன் லாபத்தில் கூட்டுக்கு உரிமை உண்டா என்பது நான்காவது. பிரிவதென்று இருவருமே முடிவு செய்துவிட்டதால், இரண்டு வண்டிகளையும் எந்தத் தேதியின் விலைக்கு மதிப்பிடுவது, எது யாருக்கு, மீதி வங்கிக் கடன் யார் தலையில் என்பது ஐந்தாவது.

பத்தி அவ்வளவுதான். இனி, படித்தவுடன் உங்களுக்குக் கோபம் வரப்போகிற இடங்களைப் பற்றிக் கொஞ்சம்.

முதலில் எழுதிய பிரதியில் 18 லட்சம்தான் மேலே இருந்தது. தொகை பெரியது, முதலில் போடுவோம் என்று நினைத்தேன். ராத்திரி மறுபடி படித்தபோது, அந்த ஒரு வரியைப் படித்ததுமே வண்டிக் கூட்டாளியைத் திருடன் என்று யாரும் முடிவுகட்டிவிடுவார்கள் என்று தெரிந்தது. மற்ற நான்கு கேள்விகளும் அந்த நிழலிலேயே விழும். அதனால் தேதி வாரியாக மாற்றினேன். இப்போது சம்பள விஷயம் மேலே வந்திருக்கிறது என்று மச்சான் வருத்தப்படுவார். அது 2019-ல் நடந்தது, வேறு காரணம் கிடையாது.

மச்சான், உங்கள் 11 பக்கத்தில் "கையாடல்" என்ற சொல் ஒன்பது இடத்தில் இருக்கிறது. ஓரிடத்தில்கூட அதை எடுத்துக்கொள்ளவில்லை. சீட்டு இல்லை என்பது தெரியும். பணம் எங்கே போனது என்பது இன்னும் தெரியாது. போர் போட்டுத் தண்ணீர் வராத இடத்தில் விவசாயி பாதிப் பணத்தோடு கையை விரிப்பதும், ஏஜென்ட் கமிஷனுக்கு யாரும் பில் தருவதில்லை என்பதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, முதல் நான்கு வருஷம் நீங்களும் வண்டியோடு போனவர்தான். மாப்பிள்ளை, அதற்காக "எல்லாம் செலவாகிவிட்டது" என்பதையும் நான் எழுதவில்லை. கிட்டத்தட்ட 11 லட்சம் சீட்டில்லாத செலவு, மீதி விவசாயிகளிடம் பாக்கி என்கிறீர்கள். பாக்கி என்றால் எந்த ஊர், யார், எத்தனை அடி என்று நோட்டில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அடிக் கணக்கில் இருவரும் ஒத்துப்போனதே எனக்குப் பெரிய ஆறுதல். மச்சான் முதலில் 1,52,000 அடி என்றார். நோட்டுகளைப் பக்கம் பக்கமாகக் கூட்டிப் பார்த்ததில், முதலாம் வண்டி 2021 மே மாதத்தில் ஓட்டிய 13,600 அடியும் இந்த நோட்டில்தான் எழுதப்பட்டிருந்தது. அதைக் கழித்ததும் அவரே சரி என்றார்.

தவணை விஷயத்தில், "கொரோனாவில் தவணையே கிடையாதே, எதற்குப் பணம் போட்டார்" என்று மாப்பிள்ளை இரண்டு பதிவுகளில் கேட்டிருக்கிறீர்கள். ரிசர்வ் வங்கி தள்ளிவைக்க அனுமதித்தது 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான தவணைகளை. செப்டம்பரிலிருந்து மச்சான் கணக்கிலிருந்து பணம் போனது வங்கிப் பிரதியில் இருக்கிறது. அதனால் கட்டினாரா என்பதைக் கேள்வியாக வைக்கவில்லை; எந்தக் கணக்கில் கட்டினார் என்பதுதான் கேள்வி.

சட்டப் பிரிவுகளைப் பத்தியில் வேண்டுமென்றே போடவில்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் பக்கம் சாயும், படிக்கும்போதே தீர்ப்பு வந்துவிடும். ஆனால் இரண்டு பேரும் தெரிந்துகொள்ளட்டும் என்று இங்கே சொல்கிறேன். 1932-ம் வருஷக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லையென்றால் கூட்டாளிக்குச் சம்பளம் கிடையாது. மூலதனத்துக்கு மேல் போட்ட பணத்துக்கு வருஷத்துக்கு 6 சதவீத வட்டி உண்டு. மச்சானின் ஆடிட்டர் சொல்லும் 12 சதவீதம், வருமான வரிக் கணக்கில் கூட்டாளி வட்டியைச் செலவாகக் காட்ட அனுமதிக்கும் உச்சவரம்பு. கூட்டாளிக்கு அவ்வளவு கட்டாயம் தரவேண்டும் என்று அதற்குப் பொருளில்லை. 16-வது பிரிவு, கூட்டோடு போட்டியிடும் அதே தொழிலைக் கூட்டாளி செய்தால் அந்த லாபத்தைக் கூட்டுக்குக் கணக்குக் காட்டித் தரவேண்டும் என்கிறது. மனைவி பெயரில் இருக்கும் வண்டிக்கு அது பொருந்துமா என்பதை நடுவர் பார்த்துக்கொள்வார். உங்கள் ஒப்பந்தம் சம்பளம், வட்டி, வேறு தொழில் மூன்றைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. 2014-ல் அதைப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவன் நான்தான். மச்சான் மாப்பிள்ளைதானே, என்ன வந்துவிடப்போகிறது என்று விட்டேன். அந்தக் குறை என் கணக்கு.

"பினாமி வண்டி" என்று எழுதவில்லை, "மனைவி பெயரில்" என்றே எழுதினேன். ஆர்.சி. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நகையை வைத்து வாங்கினாரா, கூட்டுப் பணத்திலா என்பதற்கு இருவரிடமும் இதுவரை காகிதம் இல்லை. அதேபோல் "சம்பளம்" என்றும் எழுதவில்லை, "சொல்லாமல் எடுத்தார்" என்றும் எழுதவில்லை. வெறும் "எடுத்த" என்ற சொல் இரண்டு பேருக்குமே பிடிக்காது என்று தெரியும். பிடிக்காமல் இருப்பதே அந்தச் சொல் சரியாக இருக்கிறது என்பதற்கு அடையாளம் என்று வைத்துக்கொண்டேன்.

விட்டுவிட்டவை நிறைய. சீர் விஷயம், கல்யாணத்தில் பந்தியில் உட்கார வைக்காத விஷயம், குலதெய்வக் கோயில் வரி, டிரில்லரை அடித்ததாகச் சொல்வது, தங்கச்சி இரண்டு வீட்டுக்கும் நடுவில் அழுதுகொண்டிருப்பது. இவற்றில் சில உண்மையில் உங்களை 18 லட்சத்தைவிட அதிகமாக வலிக்கச் செய்கின்றன என்று எனக்குத் தெரியும். ஆனால் நடுவர் அதற்கு விலை போட முடியாது. அதைத் தனியாக ஒருநாள் பேசிக்கொள்ளலாம், பத்தியில் வேண்டாம்.

திருத்தம் சொல்வதென்றால் இப்படி: தேதியோ தொகையோ தப்பாக இருந்தால் காகிதத்தோடு சொல்லுங்கள், அன்றைக்கே மாற்றுகிறேன். கேள்வி ஒன்று விட்டுப்போயிருந்தால், ஒரே வரியில், "ஆ" என்று முடியும் கேள்வியாகவே எழுதி அனுப்புங்கள். அடைமொழி சேர்க்கச் சொன்னால் சேர்க்க மாட்டேன். குரல் பதிவு வேண்டாம், தயவுசெய்து எழுத்தில்.

பதினெட்டாம் பெருக்கு முடிந்து, ஆகஸ்ட் 6, ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு வக்கீல் அலுவலகத்தில் சந்திப்பு. இரண்டு பிரதியிலும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டு அதற்கு முந்தைய வியாழனுக்குள் என்னிடம் சேர்த்துவிடுங்கள். வண்டியில் இருப்பவர் மழைக்காக எப்படியும் ஊர் திரும்பியிருப்பார். அடி நோட்டுகளின் அசல் என்னிடமே இருக்கும்; அன்று நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் பழைய கணக்குப்பிள்ளை